முழுகிய தலைக்கு முதலில் எந்தச் சீப்பு?

முழுகிவிட்டு வந்து, துவாயால் துவட்டிய கையோடு சின்னப் பல் சீப்பை உச்சியில் வைத்து இழுப்பதால்தான் நீளமான முடி அதிகம் அறுகிறது. நீரில் ஊறிய மயிருக்குள் ஐதரசன் பிணைப்புகள் தளர்ந்திருக்கும். அந்த நேரம் மயிர் இறப்பர் போல இழுபடும். ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீண்டாலும் பழையபடி சுருங்கிவிடும். அதற்கு மேல் இழுத்தால் மீளாது, அறுந்தும் போகலாம். சிக்கில் மாட்டிய சீப்பை விடாமல் இழுப்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

முடி எந்த வகை என்று பார்ப்பது இலேசு. முழுகிய பின் எதுவும் பூசாமல், சீவாமல், தானாகக் காயவிட வேண்டும். நேராக விழுந்தால் நேர்முடி, சுருளாமல் மெல்ல நெளிந்தால் அலைமுடி, சுருண்டு ஏறினால் சுருள்முடி. பிறகு ஒரு மயிரை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்கலாம். இருப்பதே தெரியாவிட்டால் அது மெல்லிய மயிர்.

இடுப்புவரை நீண்ட, அடர்த்தியான அலைமுடியை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் காலி வீதி பஸ்ஸில் யன்னலோரம் இருந்து போய் வந்தாலே பிடரியில் சிக்கு விழும் முடி இது. முழுகுவதற்கு முன்னரே பின்னலை அவிழ்த்து, காய்ந்த முடியில் விரல்களால் பெரிய சிக்குகளைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் தண்ணீர் ஊற்றினால் அவை இறுகிவிடும்.

ஷாம்பு போட்டு அலசிய பின், இந்த நீளத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி கண்டிஷனர் போதும். காது மட்டத்திலிருந்து நுனிவரை பூசி, இரண்டு நிமிடம் விட்டு, முடியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். இப்போதுதான் பெரிய பல் சீப்பு. பற்களுக்கு இடையே அரை சென்ரிமீற்றராவது இடைவெளி இருக்கட்டும். ஒரு பாகத்தை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுவை வேருக்குப் போகாது. நுனியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே தொடங்கிக் கீழே சீவி, அது வழுக்கிக்கொண்டு போன பிறகே இன்னும் இரண்டு அங்குலம் ஏற வேண்டும். சீப்பு நின்றால் வெளியே எடுத்துவிட்டு, அந்த முடிச்சை விரலால் தளர்த்துங்கள். ‘படக், படக்’ என்று கேட்டால் அறுகிறது என்று அர்த்தம். நான்கு பாகமும் முடிந்த பின் முடியைத் தொங்கவிட்டபடியே அலசி, துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் சிக்கெடுத்த பலன் போய்விடும்.

சுருள்முடிக்கும் இதே முறைதான், ஆனால் காய்ந்த பிறகு சீப்பே வேண்டாம். நேர்முடிக்கு மாறானது: முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவுவதே நல்லது.

அலைமுடி காய்ந்த பின் பிரஷ் போட்டால் சேர்ந்திருக்கும் நெளிவுகள் தனித்தனி மயிராகப் பிரிந்து, கொழும்பின் ஈரக் காற்றில் பொங்கி நிற்கும். பின்னப் போகிறீர்கள் என்றால் மட்டும் போடலாம். பிரஷ் உண்மையில் நேர்முடிக்காரரின் சாமான். பன்றி மயிர் வைத்த பிரஷ், வேரில் தேங்கும் எண்ணெயை நுனிவரை கொண்டுபோகும். அதற்குப் பத்துப் பதினைந்து தடவை போதும், நூறு தடவை சீவுவது உராய்வையே கூட்டும். பிளாஸ்ரிக் முள் பிரஷில் முனைக் குமிழ்கள் கழன்றிருந்தால் எறிந்துவிடுங்கள், தலைத்தோலைக் கீறும்.

சின்னப் பல் சீப்பு உச்சி வகிடெடுக்கவும், கொண்டை ஓரத்தைப் படியவைக்கவும்தான். பேன் சீப்பு வேறு: கண்டிஷனர் பூசிய ஈர முடியில், பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்த பிறகே, வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் போக வேண்டும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாளாகும். அதனால் ஒரு தடவையோடு நிறுத்தாமல், நான்கு நாளுக்கொரு தடவையாக இரண்டு கிழமை சீவ வேண்டும்.

சீவி முடித்ததும் விழுந்த மயிர்களை வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். முழு நீளமும் ஒரு முனையில் வெள்ளைக் குமிழும் இருந்தால் தானாக உதிர்ந்தவை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழமை, மூன்று நாளுக்கொருமுறை முழுகுபவருக்கு அத்தனையும் சேர்ந்து ஒரே நாளில் வரும். குமிழில்லாத குட்டைத் துண்டுகள் அதிகமானால் அவை அறுந்தவை. சீவும் முறை சரியாக இருந்தும் அப்படி வந்தால் சீப்பைச் சந்தேகியுங்கள். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் சீப்புகளில், இரண்டு அச்சும் சேரும் இடத்தில் மெல்லிய விளிம்பொன்று பல்லோரமாக ஓடும். பஞ்சைப் பற்களுக்கிடையே இழுத்துப் பார்த்தால், அந்த விளிம்பு இழை இழையாகப் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.