ஸ்காட்பரோவில் ஒரு வாரம்

ஜூன் 28

பையில் வைத்தாயிற்று: பெரியவனின் ஆஸ்துமாவுக்கு நீல பம்ப் இரண்டு (ஒன்று புதிது), ஸ்பேசர், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, சின்னவளின் துணி முயல், சுகர் பீன்ஸ் ஒரு பொட்டலம், மசாலா டப்பா, சீட்டுக்கட்டு. ஜானி கேக் நாளை காலையில் சுட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல், மெடிக்கல் எய்ட் அட்டை நகல், மகளும் மருமகனும் கையெழுத்துப் போட்ட கடிதம். அவசரம் வந்தால் வைத்தியத்துக்கு நாங்களே சம்மதம் சொல்லலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை வாங்கி வந்தேன். “ஸ்காட்பரோவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, தென்னாப்பிரிக்காவைத் தாண்டியா போகிறோம்?” என்று தாத்தா சிரித்தார். வேறு வாரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இந்த வாரம் இரண்டு பேருடைய போனும் ஒரே நேரத்தில் அணைந்திருக்கக்கூடும்.

பிள்ளைகளிடம் லீவு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

ஜூன் 29

வந்து சேர்ந்தோம். வீடு சின்னது, சுத்தமாகத்தான் இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு குரங்கு வந்து வாழைப்பழச் சீப்பையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. சின்னவளுக்கு அது ஒன்றே போதும், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த முறை ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று தாத்தா ஆறு தரம் சொல்லிவிட்டார்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. குளிர்காலம் என்று தெரிந்துதான் வந்தோம். ஆனால் இரண்டு பிள்ளைகளோடு இரண்டு அறைக்குள் இருக்கும்போது, ஐந்து மணியிலிருந்து தூங்கும் நேரம் வரை எவ்வளவு நீளம் என்பதை நான் கணக்கிடவே இல்லை.

ஜூன் 30

நேற்று இரவு பாழ்.

தப்பு என்னுடையது. பயணக் களைப்பு, தூங்கட்டும் என்று மதியம் சின்னவளை நாலரை வரை விட்டுவிட்டேன். இரவு பத்தரைக்கும் அவள் கண் பளபளவென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். குரலைக் கேட்டதும் ஆரம்பித்த அழுகை போனை வைத்து ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. “அம்மா ஏன் மெதுவா பேசுறாங்க?” என்று பெரியவன் கேட்டான். அவன் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

காலையில் மகளிடம் சொல்லிவிட்டேன்: இனி போன் காலை உணவுக்குப் பிறகு மட்டும். பகல் வெளிச்சத்தில் பேசினால் பிள்ளை இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடிவிடும். இரவில் அதே இரண்டு வார்த்தை கட்டிலில் கூடவே படுத்துக்கொள்ளும். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சரி என்றாள். இரவில் குரல் கேட்க வேண்டியிருந்தது அவளுக்குத்தானோ என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

மதியத்துக்கு ஒரு விதி வைத்தேன். தூங்க வேண்டாம், கண்ணையும் மூட வேண்டாம், கால் நீட்டிப் படுத்தால் போதும். ஒரு மணிக்குப் படுப்பது, சின்னவள் தூங்கிவிட்டாலும் இரண்டரைக்கு எழுப்பிவிடுவது. “தூங்கு” என்றால் சண்டை வரும். “தூங்காதே, படு” என்றால் ஐந்து நிமிடத்தில் குறட்டை. குறட்டை விட்டவர் தாத்தா.

ஜூலை 1

கடலில் இறங்க முடியாது. சாளை மீன் வரும் பருவம் என்று சுறா வலைகளை எடுத்துவிட்டார்கள், கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். சாளைக் கூட்டத்தின் பின்னாலேயே சுறாவும் டால்பினும் வரும். வலை கடலில் இருந்தால் அவையும் அதில் மாட்டிச் சாகும். அதனால் வலையை எடுக்கிறார்கள், எடுத்த இடத்தில் குளிக்கத் தடை. பெரியவனுக்கு இதை விளக்கினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அலையில் விளையாடலாம் என்று ஆசை காட்டிக் கூட்டி வந்தவள் நான்தானே.

நல்லவேளை, பாறை ஓரம் கட்டிய குளம் இருக்கிறது. கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி வந்து அதை நிரப்பும், வற்றும்போது தண்ணீர் அசையாமல் நிற்கும். வற்றும் நேரத்துக்குப் போனால் பிள்ளைகளுக்கு இடுப்பளவு, பயமில்லை. ஏறும் நேரத்துக்குப் போனால் சுவர் மேல் அலை அடித்து ஆளையே இழுக்கும். இன்று பத்து மணிக்கு வற்றியது. நாளை முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளித்தான் வற்றும், மறுநாள் இன்னும் தள்ளி. அதற்குத் தக்கபடி நம் சாப்பாட்டு நேரமும் தள்ளும் என்று தாத்தா காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்.

தண்ணீர் அப்படியொன்றும் குளிரவில்லை. பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். “ஆயா, உங்களுக்கு நீந்தத் தெரியாதா?” என்றான் பெரியவன். தெரியாது. என் வயதுக்காரிகள் நிறையப் பேருக்குத் தெரியாது. இந்தக் கரையில் நாங்கள் கால் வைக்க முடியாத காலத்தில்தான் நான் சிறுமியாக இருந்தேன். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த கடற்கரைகளை 1989 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது எனக்கு முப்பத்து மூன்று வயது, இடுப்பில் அவன் அம்மா. அந்த வயதில் யார் நீச்சல் படிப்பது? “அப்ப எங்க குளிப்பீங்க?” என்றான். குளிப்பது இருக்கட்டும், பஸ் பிடித்துப் பிரேயாணிச் சட்டியோடு நாங்கள் போன பிக்னிக்கைச் சொன்னேன். சட்டி எவ்வளவு பெரிது என்பதில்தான் அவனுக்கு அக்கறை.

மாலை சரியாக வந்துவிட்டது. நாலரைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே குளியல். ஐந்தரைக்குச் சாப்பாடு. அதற்குப் பிறகு துனி சீட்டாட்டம்.

தாத்தா பெரியவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஜேக், ஒன்பது, ஏஸ், பத்து, கிங், குவீன் என்று ஒவ்வொரு இனத்திலும் ஆறு, மொத்தம் இருபத்து நாலு சீட்டு. ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குவீனுக்கு 2. முதலில் நாலு சீட்டு போட்டு, துருப்பு சொன்ன பிறகு மீதி இரண்டு. ஓர் இனத்துக்கு எவ்வளவு என்று கூட்டச் சொன்னார். விரல் விட்டு 76 என்றான். நாலு இனத்துக்கும்? காகிதம் கேட்டான், 304 வந்தது. பள்ளிக்கூடக் கணக்கு என்றால் வயிறு வலிக்கும் பிள்ளை.

“ராஜாவை விட ஜேக் எப்படிப் பெரிசு?”

“ராஜா எங்கே வேலை செய்கிறான்? வேலை செய்கிறவன் ஜேக்தான்.”

சின்னவள் தாத்தாவின் ஜோடி. சீட்டை எல்லோரும் பார்க்கும்படி வெளிப்பக்கம் காட்டிப் பிடிக்கிறாள். அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

எட்டுக்கு இரண்டு பேரும் தூக்கம்.

ஜூலை 2, விடியற்காலை

மூன்று மணி. தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

ஒன்றே முக்காலுக்குப் பெரியவன் இருமும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருக்கிறான். மூச்சு விடும்போது விசில். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், விலா உள்ளே இழுக்கவில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே மூச்சில் தமிழில் சொல்லச் சொன்னேன். எட்டில் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

மகள் எழுதிக் கொடுத்த தாளின்படி செய்தேன். பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் ஓர் அழுத்து, நிதானமாக ஐந்து மூச்சு. ஒரு நிமிடம் விட்டு இன்னொன்று. இருபது நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த இருபது நிமிடம் தாத்தா கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பைஜாமாவோடு. நாலு மணி நேரத்துக்குள் திரும்பத் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி. பேச முடியாமல் திணறினால் கேட்காமலே ஆஸ்பத்திரி. தாளில் சிவப்பு மையில் இருக்கிறது.

இரண்டே காலுக்குப் பத்து வரை சொன்னான். பதினொன்று, பன்னிரண்டும் சேர்த்துச் சொன்னான், கெட்டிக்காரத்தனத்துக்கு.

காரணம் கம்பளி. குளிர்கிறதே என்று இரவு அலமாரியிலிருந்து எடுத்துப் போர்த்தினேன். மோந்து பார்த்தால் அந்துருண்டை வாசனையும் வருஷக்கணக்கான தூசியும். அவனுடைய போர்வையை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறேன், காரின் பின்னால் கிடக்கிறது! கம்பளிகளை எல்லாம் பால்கனிக்குத் தூக்கிப் போட்டாயிற்று.

இன்னொன்று. நேற்று ஸ்பேசரைக் கழுவித் துண்டால் துடைத்து வைத்தேன், பளபளப்பாக. துடைக்கக்கூடாது, சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலர விட வேண்டும் என்று தாளில் இருக்கிறது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். முழுதும் படிக்காமல் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள்.

மகளிடம் சொல்வதா? நாளைக்கு மறுநாள் வரை சொல்லப்போவதில்லை.

ஜூலை 2, இரவு

குளத்துக்குப் போகவில்லை. பெரியவன் படுத்துக்கொண்டே சீட்டு எண்ணினான். சின்னவள் முயலுக்கு பம்ப் கொடுத்தாள். டின் மீன் கறி, சோறு. வேறொன்றும் இல்லை.

தாத்தா மதியம் தூங்கவில்லை. பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு விழித்திருந்தார். பேப்பர் ஏறி இறங்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஜூலை 3

ஏழு மணிக்கு மகள் ஆபரேஷனுக்கு உள்ளே.

ஜூலை 3, பதினொன்று

போன் மேசை மேல். காலைப் போன் ஏன் வரவில்லை என்று சின்னவள் கேட்பாள் என்று இரவெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. பெரியவன்தான் கேட்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே கரையில் சாளை இழுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். தாத்தா இருவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இங்கிருந்தே பறவைகள் தெரிகின்றன. வெள்ளைப் பறவைகள், சிறகை மடக்கிக் கல் விழுவது போல் கடலில் விழுகின்றன. தாத்தாவின் பெரியப்பா வலை இழுத்தவர். கயிறு எந்தப் பக்கம் கனக்கிறது என்று பார்த்தே மீன் எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். இந்தக் கதையைப் பெரியவன் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருப்பான்.

நான் போகவில்லை. கரையில் அலைச் சத்தத்தில் போன் கேட்காது.

ஜூலை 3, ஒன்றரை

வாளி நிறையச் சாளை. இதை யார் ஆய்வது? ஆய்ந்தேன். நாற்பத்து மூன்று. கைக்கு வேலை கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் புளி. பெரியவனை வாசலுக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பொரித்தேன், புகை ஆகாது.

யாரும் படுக்கவில்லை. விதியைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

ஜூலை 3

நாலு ஐம்பது. மருமகன் போன் செய்தார். முடிந்தது, தூங்குகிறாள். மீதியை டாக்டர் திங்கட்கிழமை சொல்வாராம்.

தாத்தா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். சின்னவள் கதவைத் தட்டி, “தாத்தா, இருட்டிடுச்சு, சீட்டு” என்றாள்.

ஜூலை 4

காலை உணவுக்குப் பிறகு அவளே பேசினாள். ஒரு நிமிடம்தான். “முயலுக்கு ஆஸ்துமா” என்றாள் சின்னவள். மகளுக்குச் சிரிக்க வலித்திருக்கும்.

பெரியவன் போனை வாங்கி, வேறெதுவும் கேட்காமல், “அம்மா, ஒரே மூச்சுல பத்து வரைக்கும் சொல்லுங்க” என்றான்.

ஆறு வரை கேட்டது.

இன்று பன்னிரண்டரைக்கு வற்றும். துண்டு மூன்று, அவனுடைய பம்ப்,