ஆர்னம் பாலத்துக்கு நடந்து போன கதை (சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்)

மாமனார் ராணுவத்தில் பாராசூட் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நெதர்லாந்துக்கு எங்களைப் பார்க்க வந்தவர் டூலிப் தோட்டம், காற்றாலை எதையும் கேட்கவில்லை. "மாப்பிள்ளை, ஆர்னம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்றார். இரண்டாம் உலகப்போரில், 1944 செப்டம்பரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஆற்றுப்பாலத்தைக் கைப்பற்ற ஒரு பிரிட்டிஷ் டிவிஷன் வானத்திலிருந்து இறங்கிய ஊர் அது. அப்படித்தான் இது ஆரம்பித்தது.

முதல் பயணம் சுத்த வீண். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஏடெ ஊருக்கு வெளியே உள்ள கிங்கெல் புல்வெளியில் நினைவு நாளுக்காகப் பாராசூட் வீரர்கள் குதிப்பார்கள். பார்க்கப் போனோம். மேகம் கூரைபோலத் தாழ்ந்து கிடந்தது. "இன்னும் அரை மணி" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணி நேரம் நின்று, இரண்டு வாஃபிள் தின்று, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டோம். எனக்கு எரிச்சல். மாமா சிரித்தார். "ஆக்ராவில் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கட்டெல்லாம் கட்டி, ஒன்றரை மணி நேரம் கழித்து இறக்கி விட்டிருக்கிறார்கள். இதெல்லாம் சாதாரணம்."

1944 செப்டம்பர் 18 அன்று, இதே கிங்கெல் வெளியில் இறங்க வேண்டிய இரண்டாம் நாள் படை இங்கிலாந்தில் மூடுபனியால் ஓடுபாதையிலேயே கிடந்தது. காலையில் வர வேண்டியவர்கள் பிற்பகலில் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சில மணி நேரத்தின் விலை என்ன என்பது எனக்கு இரண்டாவது பயணத்தில்தான் உறைத்தது.

இரண்டாவது தடவை திட்டத்தோடு போனேன். முதல் நாள் குதித்த இடத்திலிருந்து பாலம் வரை, பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஃப்ராஸ்டின் பட்டாலியன் போன ஆற்றங்கரைப் பாதையில் போக வேண்டும். மாமாவுக்கு முழங்கால் சரியில்லை, அதனால் இரண்டு சைக்கிள். இங்கேதான் சொதப்பினேன். வார நாளில், அலுவலக நேரத்தில் ரயிலில் சைக்கிள் ஏற்றக் கூடாது. எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன். நடைமேடையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு வொல்ஃப்ஹேஸ நிலையத்தில் வெறுங்கையோடு இறங்கினோம். போகிறவர்கள் ஒன்பது மணிக்கு மேல் போங்கள், அல்லது மடக்கு சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஒரு சுற்றுலாத் தகவல் கவுன்டரில் நடைபாதை வரைபடம் கேட்டேன். தீர்ந்துவிட்டதாம். "காரில் போனால் இருபது நிமிடம்தானே, ஏன் நடக்கிறீர்கள்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

வொல்ஃப்ஹேஸவுக்கு மேற்கே, ரயில் பாதைக்குத் தெற்கே போனால் மரங்கள் விலகிப் பெரிய திறந்த வெளி வருகிறது. கிளைடர்களும் பாராசூட்களும் செப்டம்பர் 17 ஞாயிறு மதியம் இறங்கியது இந்தப் பக்கத்து வயல்களில். மாமா ஐந்து நிமிடம் பேசாமல் சுற்றிப் பார்த்தார். அப்புறம் குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"டகோட்டா விமானம் குதிக்கும் நேரத்தில் மணிக்கு 170 கிலோமீட்டர் போகுது என்று வையுங்கள். நொடிக்கு 47 மீட்டர். நொடிக்கு ஒருவர் வீதம் பதினெட்டு பேர் குதித்தால், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் 800 மீட்டர். யாராவது ஒருத்தன் கதவில் இரண்டு நொடி தயங்கினால், அவனுக்குப் பின்னால் வருகிற எல்லாரும் கிட்டத்தட்ட நூறு மீட்டர் தள்ளி விழுவார்கள். காற்று வேறு. கீழே வந்ததும் முதல் வேலை சண்டை இல்லை மாப்பிள்ளை, ஆளைத் தேடுவது."

ஃப்ராஸ்ட் தன் ஆட்களைக் கூட்ட வேட்டைக் கொம்பு ஊதினார் என்று படித்தபோது எனக்கு அது ஏதோ வெள்ளைக்கார ஜம்பமாகத் தோன்றியிருந்தது. இந்த 800 மீட்டரைக் கண்ணால் பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை.

கிளைடரின் கதை வேறு. ஹோர்சா என்ற மரக் கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. இழுவை விமானம் கயிற்றில் கட்டி இழுத்து வந்து விட்டுவிடும். அதற்குள் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து பேரும் ஒரே இடத்தில், ஒன்றாக இறங்குவார்கள். ஆளுக்குப் பதிலாக ஒரு ஜீப்பும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியும் ஏற்றலாம். அந்தக் காலத்தில் பாராசூட்டில் இறக்க முடியாத கனம் இது. ஆனால் தரையிறங்க ஒரே ஒரு வாய்ப்புதான், சரியில்லை என்றால் மேலே ஏறி மறுபடி வர முடியாது. இந்த வயல்களிலேயே, பெரிய பீரங்கி ஏற்றி வந்த இரண்டு ஹாமில்கார் கிளைடர்கள் இளகிய மண்ணில் சக்கரம் புதைந்து குப்புறக் கவிழ்ந்தன. அவற்றோடு அந்தப் பீரங்கிகளும் போயின.

அன்று ஒட்டுமொத்தமாகத் தரையிறக்கம் அருமையாகவே நடந்தது. ஆபத்து குதிப்பதில்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆர்னமில் அது தரையில் காத்திருந்தது.

சரி, நடக்க ஆரம்பித்தோம். ஹீல்சம், அப்புறம் டூர்வெர்த் காடு, ஹேவியாடோர்ப். எனக்குத் தோளில் தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சை சாதமும். ஒரு மணி நேரத்தில் வேர்த்துவிட்டது. அவர்களுக்குத் துப்பாக்கி, தோட்டா, கையெறிகுண்டு, இரண்டு நாள் உணவு. பாலம் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர்.

ஏன் இவ்வளவு தூரம்? பாலத்தை ஒட்டிய பகுதியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அதிகம் என்று விமானப்படை பயந்தது. தெற்குக் கரையின் தாழ்வான ஈர நிலம் கிளைடருக்கு ஆகாது என்றும் சொன்னார்கள். அதனால் பாதுகாப்பான வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதோடு விமானங்கள் போதாமல் படையை மூன்று நாளாகப் பிரித்தார்கள், நாளுக்கு ஒரே ஒரு நடை. இது இன்னும் மோசம். இரண்டாம் நாள் வருகிறவர்கள் இறங்க அதே வயல் வேண்டுமே? அதைக் காவல் காக்க, முதல் நாள் வந்த கிளைடர் பிரிகேட் அங்கேயே நின்றுவிட்டது. பத்தாயிரம் பேர் கொண்ட டிவிஷனில் முதல் நாள் பாலத்தை நோக்கிக் கிளம்பியது மூன்று பாராசூட் பட்டாலியன்கள்தான். மூன்றும் வெவ்வேறு சாலையில். திடீரென்று வானத்திலிருந்து விழுவதுதான் இந்தப் படையின் ஒரே பலம். அதை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் நடந்தார்கள். அதற்குள் ஜெர்மானியர்கள் வழிமறித்துவிட்டார்கள். இரண்டு எஸ்.எஸ். கவசப் படைப்பிரிவுகள் அடிபட்டு வந்து பக்கத்திலேயே இளைப்பாறிக்கொண்டிருந்தன. ஃப்ராஸ்ட் மட்டும் ஆற்றோரச் சாலையில் நழுவி இரவு எட்டு மணிவாக்கில் பாலத்தை அடைந்தார். மொத்தம் 740 பேர்போலத்தான் அங்கே சேர்ந்தார்கள்.

ஹேவியாடோர்பில் ஆற்றைக் கடக்கப் படகு உண்டு. எனக்கு ஆசை. போய்ப் பார்த்தால் சீசன் முடிந்து நிறுத்திவிட்டார்கள். நேரம் பார்த்துப் போங்கள். அந்த வாரத்திலும் அந்தப் படகுத்துறையின் அருமை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. உதவிக்கு வந்த போலந்துப் படை அக்கரைக்கு வந்து நின்றபோது படகு இல்லை.

ஓஸ்டர்பேக்கில் மாமாவின் முழங்கால் மறுத்துவிட்டது. முப்பது வருடம் முன்பு ஒரு தப்பான தரையிறக்கம் தந்த பரிசு அது. பேருந்தில் ஏற்றிவிட்டு, பாலத்தடியில் சந்திப்போம் என்றேன். கீழ்ச்சாலையில் பத்து நிமிடம் நடந்ததும் என் போனில் சார்ஜ் செத்துப்போனது. வரைபடமும் இல்லை, அவரைக் கூப்பிடவும் வழியில்லை. பதற்றமாக இருந்தது. டிவிஷன் தளபதி அர்குஹார்ட்டுக்கும் இதுபோல ஆனது, ஆனால் என்னைப்போலப் பாதுகாப்பாக இல்லை. கம்பியில்லாத் தொடர்பு மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே எட்டவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவரே முன்னால் போனார். ஜெர்மானியர் சூழ்ந்துகொள்ள, ஒரு வீட்டின் பரணில் ஒளிந்து கிடந்தார். வாசலில் எதிரியின் பீரங்கி வண்டி நின்றது. ஒன்றரை நாள் டிவிஷன் தன் தளபதி இல்லாமலே சண்டை போட்டது.

ஆறு எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியோடு நடந்தேன். ரயில் பாலம் வந்தது. அன்று ஃப்ராஸ்டின் ஆட்கள் அதில் ஏறியபோதே ஜெர்மானியர் வெடித்துத் தகர்த்தது இங்கேதான். சாலைப் பாலத்தை அடைய நாலரை மணி நேரம் ஆகியிருந்தது, சாப்பிட உட்கார்ந்ததையும் சேர்த்து.

மாமா வடமுனையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எலுமிச்சை சாதம் என் பையிலேயே இருந்ததால் முகம் கொஞ்சம் கடுகடுப்பு. இப்போது இருப்பது போருக்குப் பின் அதே இடத்தில் கட்டிய பாலம், ஃப்ராஸ்டின் பெயர்தான் அதற்கு. இந்த முனையைச் சுற்றிய வீடுகளில்தான் அந்த 740 பேர் 21ஆம் தேதி விடியும்வரை நின்றார்கள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் போதும், தரைவழியாக டாங்கிப் படை வந்துவிடும் என்பது கணக்கு. ஒற்றைச் சாலையில் நூறு கிலோமீட்டர் வர வேண்டியிருந்த அந்தப் படை வரவில்லை. தோட்டா தீர்ந்தது. டிவிஷனுக்கு விமானங்கள் போட்ட பொட்டலங்களில் பெரும்பகுதி, முன்பே குறித்த இடம் ஜெர்மானியர் கையிலேயே இருந்ததால், அவர்கள் மடியில் விழுந்தது. போனவர்கள் சுமார் பத்தாயிரம், 25ஆம் தேதி இரவு ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் சுமார் 2,400.

மாமா சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டுப் பாலத்தின் மேலே ஏறித் தெற்கே பார்த்தார். இப்போது அங்கே குடியிருப்புகள்.

"மாப்பிள்ளை, அப்போ இது வெறும் வயல்தானே? இங்கே ஒரு பட்டாலியனாவது இறங்கியிருக்கலாமே?"

"மூன்றாம் நாள் போலந்துப் படை இங்கேதான் இறங்குவதாகத் திட்டம் மாமா."

"மூன்றாம் நாள் இறங்கலாம் என்றால் முதல் நாள் ஏன் கூடாது?"

"அதற்குள் நம் ஆட்கள் பாலத்தைப் பிடித்துப் பீரங்கிகளை அடக்கியிருப்பார்கள் என்று..."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.