போர்ட்லாந்து வழியாக வந்த உறக்கப் பை

அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போவதென்று முடிவானபோது எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு: வாத்துத் தூவி அடைத்த உறக்கப் பை, என் குட்டை முதுகுக்குப் பொருந்தும் மலையேற்ற முதுகுப்பை. சிங்கப்பூர்க் கடைகளில் உறக்கப் பைகள் இல்லாமல் இல்லை. இந்த ஊர் வெயிலுக்கு அவை போதும், நேப்பாளத்து இரவுக்குப் போதா. நான் தேடிய உறக்கப் பையை அமெரிக்காவில் ஒரு சிறு பட்டறை தைத்து விற்கிறது. முதுகுப்பை வேறொரு கடையில் இருந்தது. இரண்டு கடைகளும் நாட்டை விட்டு வெளியே எதையும் அனுப்புவதில்லை.

இப்படிப்பட்ட கடைகளுக்காகவே அமெரிக்காவில் கிடங்கு வைத்துத் தொழில் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. பதிவு செய்தால் நமக்கென்று ஓர் அமெரிக்க முகவரி தருவார்கள். கடை அங்கே அனுப்பும், அவர்கள் வாங்கி வைத்து நமக்கு அனுப்புவார்கள். பலரும் கிடங்கை ஒரிகன், டெலவர் மாநிலங்களில் வைத்திருப்பதற்குக் காரணம், அங்கே விற்பனை வரி கிடையாது. நான் எடுத்தது ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து முகவரி. நம் பெயரில் வேறொருவர் தபால் வாங்க அமெரிக்க அஞ்சல் துறையின் படிவம் 1583 நிரப்ப வேண்டும். இரண்டு அடையாளச் சான்றுகள் தேவை. இதைப் பொருள் வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு சரிபார்ப்பு இழுத்தால், இலவச இருப்புக் காலம் கரைந்து தினசரி வாடகை ஓட ஆரம்பித்துவிடும்.

முகவரியில் உயிர்நாடி, தெருப் பெயருக்குப் பின்னால் வரும் வாடிக்கையாளர் எண். ஒரே கட்டடத்துக்கு எத்தனையோ பேருக்கான பெட்டிகள் வருகின்றன. அந்த எண் இல்லாத பெட்டி உரிமையாளர் தெரியாத அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில கடைகளின் படிவம் முகவரியின் இரண்டாம் வரியை விழுங்கிவிடுகிறது. அதனால் எண்ணை முதல் வரியிலும், என் பெயருக்குப் பக்கத்திலும் சேர்த்தே எழுதினேன்.

முதல் முட்டுக்கட்டை பணம் கட்டும் இடத்தில் வந்தது. முதுகுப்பைக் கடை ஆர்டரை ஏற்று, மறுநாளே ரத்து செய்தது. அட்டையின் முகவரி சிங்கப்பூர், பொருள் போகுமிடம் போர்ட்லாந்துக் கிடங்கு; திருட்டு அட்டைக்காரர்களும் இப்படித்தான் வாங்குவார்கள் என்பதால் கடையின் மோசடித் தடுப்பு மென்பொருள் மறித்துவிட்டது. கடைக்கு எழுதிக் கேட்டேன். வெளிநாட்டு அட்டையை ஏற்க மாட்டோம், பேபால் என்றால் சரி என்றார்கள். பேபால் வழியாக வாங்கினேன். அதையும் ஏற்காத கடைகள் உண்டு. அங்கே கிடங்கு நிறுவனமே நமக்காக வாங்கித் தரும், அதற்குத் தனிக் கட்டணம். எப்படியானாலும், கிடங்கு முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அங்கே போகும் ஆர்டர்களை மொத்தமாகத் தள்ளும் கடைகளும் இருப்பதால், வாங்குமுன் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே நல்லது.

பெட்டிகள் கிடங்குக்கு வந்ததும் மின்னஞ்சல் வந்தது. இங்கேதான் பலரும் அவசரப்பட்டு உடனே அனுப்பச் சொல்லிவிடுகிறார்கள். கடையின் கணக்கில் பொருள் போர்ட்லாந்தில் இறங்கியதோடு கதை முடிந்தது. திரையில் `Delivered` என்று வந்துவிட்டால், அதன் பிறகு பசிபிக்கைத் தாண்டும் வழியில் காணாமல் போனாலும் உடைந்தாலும் கடையிடம் கேட்க வழியில்லை. இ-பே தளத்தின் பணம் திரும்பத் தரும் உத்தரவாதமும், முதல் முகவரியிலிருந்து வேறிடத்துக்கு மறுபடி அனுப்பிய பொருளுக்குப் பொருந்தாது. ஆகவே கடைக்காரரைப் பொறுப்பாக்கக்கூடிய கடைசி இடம் அந்தக் கிடங்குதான். கூடுதலாகச் சில டாலர் கொடுத்துப் பெட்டியைப் பிரித்துப் புகைப்படம் எடுக்கச் சொன்னேன். ‘படம் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் பெட்டியின் மேல்பக்கத்தை எடுத்து அனுப்புவார்கள். அதனால் எதைப் பார்க்க வேண்டுமோ அதை எழுதினேன்: முதுகுப்பையின் உள்பக்கம் தைத்திருக்கும் அளவுச் சீட்டு, உறக்கப் பையின் ஜிப் எந்தப் பக்கம்.

உறக்கப் பை சரியாக இருந்தது. முதுகுப்பையின் சீட்டில் `M` என்று இருந்தது. நான் கேட்டதும் பில்லில் இருந்ததும் `S`. பின்னணியில் கிடங்கு ஊழியரின் கையுறையும் மஞ்சள் அளவு நாடாவும் தெரிந்த அந்த மங்கலான படத்தை அப்படியே கடைக்கு அனுப்பினேன். அவர்கள் திருப்பியனுப்பும் சீட்டை மின்னஞ்சலில் தந்தார்கள். கிடங்கில் அதை அச்சிட்டு ஒட்டி அனுப்பச் சிறு கட்டணம். சரியான பை வந்து சேர்ந்தது. இதே தவறு வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்திருந்தால், திருப்பியனுப்பும் செலவு பையின் விலையில் பாதியைத் தொட்டிருக்கும்.

அடுத்தது எடை. உறக்கப் பை ஒன்றரைக் கிலோ, முதுகுப்பை இரண்டு கிலோ. மூன்றரைக் கிலோவுக்குக் கட்டணம் என்ன என்று மட்டும் பார்த்து இதில் இறங்கியிருந்தால் திகைத்துப் போயிருப்பேன். விமானக் கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே பணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. தூவி நசுங்கிக் கிடந்தால் கெட்டுவிடும் என்பதால், நல்ல பட்டறைகள் உறக்கப் பையைப் பெரிய வலைப்பையில் தளர்வாக அனுப்புகின்றன. அந்தப் பெட்டியின் அளவு 60 × 45 × 40. கணக்குப் போட்டால் 21.6 கிலோ. முதுகுப்பைப் பெட்டி 70 × 35 × 20, அதாவது 9.8 கிலோ. ஆக, மூன்றரைக் கிலோ பொருளுக்கு முப்பத்தொரு கிலோவுக்கு மேல் கட்டணம்.

இரண்டையும் ஒரே பெட்டியாகக் கட்டித்தரும் சேவை உண்டு. அதையும் விவரமாகச் சொல்ல வேண்டும். வெறுமனே ‘ஒன்றாகச் சேர்’ என்றால், இருக்கும் இரண்டு பெட்டிகளையும் இன்னும் பெரிய பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். நான் எழுதியது இது: ‘கடையின் பெட்டிகள் இரண்டையும் எறிந்துவிடுங்கள். உறக்கப் பையை அதனுடன் வரும் சிறிய உறைக்குள் திணியுங்கள். அந்த உறையை முதுகுப்பைக்குள் வையுங்கள். பையைச் சுற்றி அளவான பெட்டி கட்டுங்கள்.’ புதுப் பெட்டி 65 × 35 × 25 என்று வந்தது, சுமார் 11.4 கிலோ, கட்டணத்துக்கு 11.5. முப்பத்தொன்றிலிருந்து பதினொன்றரை! தூவிக்குச் சில நாள் நசுங்கலால் ஒன்றும் ஆகாது. வந்ததும் பிரித்து உதறிக் காயவிட்டேன், பழையபடி உப்பிவிட்டது. அனுப்பும் செலவு 98 அமெரிக்க டாலர்.

முதுகுப்பைக் கடையிலேயே ஒரு பவர் பேங்கும் வாங்கியிருந்தேன். அது போர்ட்லாந்தைத் தாண்டவில்லை. கருவிக்குள் பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரிக்கும் தனியாக அனுப்பப்படும் பேட்டரிக்கும் விமானச் சரக்கு விதிகள் வேறு வேறு. பவர் பேங்க் எவ்வளவுதான் கருவி போலத் தோன்றினாலும் விதிப்படி அது தனி பேட்டரி, ஐ.நா. எண் 3480. அந்த வகை, 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது. ஆகவே கிடங்கு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதே இல்லை. வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஏரோசால் டப்பா, முகாம் அடுப்புக்கான கேஸ் டப்பா எல்லாம் இதே கதிதான். கடையின் திருப்பியனுப்பும் கெடு தாண்டவில்லை என்பதால் பவர் பேங்கைத் திருப்பி அனுப்ப முடிந்தது.

இனி வரி. சிங்கப்பூரில் 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. முன்பெல்லாம் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட பார்சல்கள் வரியில்லாமல் வந்தன. 2023 ஜனவரி 1 முதல் அந்தக் குறைந்த விலைப் பொருள்களுக்கும் வரி உண்டு. அதை வாங்கும்போதே வசூலிப்பது, பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளரின் பொறுப்பு. நான் வாங்கிய கடை பொருளை விற்றது போர்ட்லாந்துக்கு என்பதால் அதற்கு இதில் சம்பந்தமில்லை. ஆனால் சட்டம் மறுபடி அனுப்பும் நிறுவனங்களையும் சேர்த்திருக்கிறது. குறைந்த விலையா என்பதைப் பொருள் பொருளாகப் பார்க்கிறார்கள். உறக்கப் பை 280 டாலர், அப்போதைய மாற்று விலையில் 378 வெள்ளி. முதுகுப்பை 190 டாலர், ஏறத்தாழ 256 வெள்ளி. இரண்டும் 400க்குள். எனவே கிடங்கு நிறுவனம் பொருள்களின் விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த 767 வெள்ளிக்கு 9 விழுக்காடு, சுமார் 69 வெள்ளி, முன்கூட்டியே வாங்கிக்கொண்டது.

பெட்டி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியது. கூரியர் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி: பொருள் சேவை வரி 69 வெள்ளி, அதைக் கையாள்வதற்குக் கட்டணம் தனி. கட்டினால்தான் பெட்டி வரும். காரணம் எளிது. இறக்குமதி எல்லையில் பொருள் பொருளாகப் பார்ப்பதில்லை, மொத்தப் பெட்டியைப் பார்க்கிறார்கள். விலை, காப்பீடு, அனுப்பும் செலவு மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் வரி. வாங்கும்போதே வரி கட்டியாயிற்று என்பதைக் கிடங்கு நிறுவனம் தன் பதிவு எண்ணுடன் சரக்கு ஆவணங்களில் எழுதி, கூரியர் அதைச் சுங்கத்துக்குச் சொன்னால் இரண்டாம் முறை விழாது. அந்தத் தகவல் நடுவில் எங்கோ விழுந்துவிட்டது. எங்கே என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

பயணத் தேதி நெருங்கியதால் கட்டிவிட்டுப் பெட்டியை எடுத்தேன். பிறகு கூரியரிடம் கேட்டு வாங்கியது, சுங்கத்தில் வரி கட்டியதைக் காட்டும் இறக்குமதி அனுமதிச் சீட்டு. பணம் கட்டிய ரசீது மட்டும் போதாது, இந்தச் சீட்டுதான் முக்கியம். இரட்டை வரி விழுந்தால் திரும்பக் கேட்க வேண்டியது முதலில் வாங்கியவரிடம், அதாவது கிடங்கு நிறுவனத்திடம். சீட்டையும் அவர்களது பில்லையும் சேர்த்து அனுப்பினேன். முதல் பதில் ‘இது சுங்கத்தின் விஷயம்’ என்று வந்தது. அவர்கள் பில்லில் வரித்தொகை தனியாகக் குறிக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதிய பிறகு 69 வெள்ளி அட்டைக்குத் திரும்பியது. கூரியரின் கையாளும் கட்டணம் திரும்பவே இல்லை.

பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதினால் இந்தத் தலைவலி எதுவும் வராதே என்று ஒரு நண்பர் கேட்டார். கிடங்கின் படிவத்தில் மதிப்பை நாமேதான் நிரப்புகிறோம், கை அரிக்கும். அது சுங்கக் குற்றம் என்பது ஒருபுறம். காப்பீடு தருவதும் எழுதிய மதிப்புக்குத்தான். பெட்டி தொலைந்தால் 280 டாலர் உறக்கப் பைக்கு 40 டாலர் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சுங்கம் சந்தேகப்பட்டால் கேட்பது கடை பில்லையும் அட்டைக் கணக்கையும். நான் இரண்டையும் முதல் நாளே கிடங்கின் கணக்கில் ஏற்றி வைத்திருந்தேன். இரட்டை வரி விவகாரத்தில் அவர்கள் கடைசியில் இறங்கி வந்ததற்கும் அந்தப் பில்கள்தான் உதவின.