அரிராங்கில் வரும் பத்து ரி

கொரிய நாட்டுப்பாடல் அரிராங்கைக் கேட்கும் யாரும் மனதுக்குள் தீராமல் தங்கிவிடும் துயரத்தைக் குறிக்கும் ஹான் என்ற சொல்லை உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் பத்தியில் ஹான் என்ற சொல்லும் இல்லை, பழகப் பழக வரும் ஒட்டுதலைக் குறிக்கும் ஜொங் என்ற சொல்லும் இல்லை. கணவாயைத் தாண்டிப் போகிறவரைப் பார்த்து ஒரு பெண் சொல்வது இவ்வளவுதான்: என்னை விட்டுவிட்டுப் போகிற நீங்கள் பத்து ரி போவதற்குள் கால் நோகும். பத்து ரி என்றால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்.

எனக்கு இந்த வரி கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். சாபம்தான், ஆனால் கால் நொந்தால் திரும்பி வந்துவிடுவார் என்ற ஆசையும் அதற்குள் இருக்கிறதே! அதைவிட, அவரைக் குறிக்கும் சொல் 'நிம்', அன்புக்குரியவர். 'போகிற' என்ற வினையில்கூட மரியாதை விகுதி. விட்டுப்போகிறவனை அவள் 'அவன்' என்று சொல்லவில்லை, 'அவர்' என்கிறாள். அந்த மரியாதையில்தான் நான் ஜொங்கைக் கேட்கிறேன்.

கொரிய மொழியில் ஜொங் உள்ளே வந்து 'சேரும்', வெறுத்துப்போனால் 'உதிரும்'. சண்டை போட்டே வளரும் ஒட்டுதலுக்கு 'வெறுப்பு ஜொங்' என்றே பெயர். ஹான் 'முடிச்சு விழும்', அப்புறம் 'அவிழ்க்க' வேண்டும். இந்த வினைகள் தெரிந்தபின் பாடல்கள் வேறு மாதிரி கேட்கின்றன, ஏனென்றால் ஜொங் உதிர்ந்திருந்தால் முடிச்சே விழுந்திருக்காது, அவளும் அந்தக் கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாள்.