தீவன மூட்டையும் கிரெடிட்டும்

மீஞ்சூர் பக்கம் ஒரு பால் சங்கம். கணக்கைப் பார்த்த உறுப்பினர் கேட்டார்: "அண்ணே, பாலுக்கும் வரியில்ல, மாட்டுத் தீவனத்துக்கும் வரியில்ல. அப்புறம் நாம செலவுல கட்டின வரிய நம்ம வரியில கழிச்சுக்கற கிரெடிட் ஏன் குறையுது?"

செயலாளர் சிரித்தார். "பாலை ஜீரோன்னு சொல்றோம். ஜிஎஸ்டியில அது விலக்குதாம்மா. ஏற்றுமதின்னா கட்டின வரி திரும்ப வரும், இதுக்கு வராது. நமக்கு வரி உள்ள விற்பனை நெய் மட்டும்தான். ஆடிட்டர் ஃபீஸ், கம்ப்யூட்டர் மாதிரி பொதுச் செலவுல கட்டின வரிய, விற்பனை விகிதத்துலதான் எடுக்கலாம்.

பால் 3 லட்சம், நெய் 1 லட்சம். பொது வரி 6,000 ரூபாய்னா நாலுல ஒரு பங்கு, 1,500 கிடைக்கும். 2 லட்சத்துக்குத் தீவனமும் வித்தா ஆறுல ஒண்ணுதான், 1,000."

"அப்போ 500 ரூபா?"

"1,500 எடுத்திருந்தா, அந்த 500-ஐ ரிட்டர்ன்ல திருப்பணும். தீவனத்தைக் கணக்குல சேர்க்காம விட்டா, பின்னாடி வட்டியோட கேப்பாங்க."