விற்கலாமா என்று கேட்டவருக்கு

எங்கள் நிறுவன ஊழியர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கேட்டது விற்கலாமா என்றுகூட இல்லை. நிறுவனப் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமைகளான ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் எக்ஸர்சைஸ் செய்து, அதாவது அந்த விலையைக் கட்டிப் பங்குகளாக மாற்றி, ஒன்றைக்கூட விற்காமல் வைத்துக்கொள்ள என்ன படிவம் என்றுதான் கேட்டார். நான் படிவத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வேலை அவ்வளவுதான். ஊழியர் பங்குத் திட்டத்தைக் கவனிக்கும் எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: விதியைச் சொல், தேதியைச் சொல், வரி எவ்வளவு பிடிப்போம் என்று சொல், விற்கச் சொல்லாதே, வைத்துக்கொள்ளவும் சொல்லாதே.

நான் சொல்லவில்லை, கேட்டேன். "சார், இந்தப் பணம் முழுக்க இன்னிக்கு உங்க கையில ரொக்கமா இருந்தா, மேல கொஞ்சம் கடனும் வாங்கி, நம்ம கம்பெனி பங்கை மட்டுமே வாங்குவீங்களா?"

கேள்விதானே என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பதிலை உள்ளே வைத்துத் தைத்த கேள்வி அது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

கணக்கைச் சொன்னால்தான் நான் ஏன் கேட்டேன் என்பது புரியும். எண்களை உருட்டித்தான் சொல்கிறேன், விகிதம் உண்மை. அவரிடம் வெஸ்ட் ஆன, அதாவது காத்திருப்புக் காலம் முடிந்து அவருக்கே உரிமையாகிவிட்ட ஆப்ஷன்கள் 12,000. ஒவ்வொன்றுக்கும் அவர் கட்ட வேண்டிய விலை 50, அன்றைய சந்தை விலை 200. காகிதத்தில் லாபம் 18 லட்சம், அதாவது அவருடைய 3 வருடச் சம்பளம். வங்கியில் வேறு சேமிப்பு 6 லட்சம். அப்போதே அவருடைய செல்வத்தில் முக்கால் பங்கு நிறுவனத்தில் இருந்தது. மாதச் சம்பளமும் அங்கேயிருந்துதான் வருகிறது.

அவருடைய திட்டம் இந்த முக்காலை முழுசாக்கியது. எக்ஸர்சைஸ் விலையாக 6 லட்சம் கட்ட வேண்டும். அதற்கு வங்கிச் சேமிப்பு சரியாகப் போய்விடும். அப்புறம் வரி. பல நாடுகளில், பங்கை விற்காவிட்டாலும், வாங்கும் நாளின் சந்தை விலைக்கும் நாம் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாகவே கருதி வரி போடுவார்கள். 18 லட்சத்துக்கு 30 சதவீதம் என்றால் 5.4 லட்சம். அதற்குக் கடன் வாங்குவதாகச் சொன்னார். ஆக, கையில் 24 லட்சம் மதிப்புள்ள பங்கு, ஒரே நிறுவனம், தலையில் 5.4 லட்சம் கடன், வங்கியில் பூஜ்யம்.

விலை பாதியானால்? பங்கின் மதிப்பு 12 லட்சம், கடன் போக மிஞ்சுவது 6.6 லட்சம். அவர் ஏற்கெனவே வங்கியில் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இத்தனை வருடத்து ஆப்ஷன் லாபம் ஏறக்குறைய கரைந்துவிடும். 200-ல் போட்ட வரியோ, 100-க்கு விழுந்துவிட்டது என்பதற்காகத் திரும்பி வராது. பிறகு விற்று வரும் நஷ்டத்தைப் பெரும்பாலும் வேறு தலைப்பில்தான் காட்ட முடியும். சம்பளமாகக் கட்டிய வரியில் கழிக்க விடமாட்டார்கள். 2000-ல் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தபோது இப்படித்தான் ஆனது. உச்சத்தில் எக்ஸர்சைஸ் செய்து வைத்துக்கொண்டவர்களில் பலருக்கு, கையிலிருந்த பங்கின் மதிப்பைவிடப் பெரிய வரிக் கணக்கு வந்து சேர்ந்தது. அங்கே சில வகை ஆப்ஷன்களுக்கு வரிவிதி வேறு என்றாலும் விளைவு இதேதான்.

இதையெல்லாம் நான் அவரிடம் விளக்கவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"வாங்குவேன் தம்பி. உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்."

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. எந்தத் தயாரிப்பு தேறும், எது தேறாது என்று அவருக்கு உண்மையாகவே தெரியும். ஆனால் அந்தத் தெரிதலை வைத்து அவர் என்ன செய்ய முடியும்? வெளியே யாருக்கும் தெரியாத, விலையை அசைக்கக்கூடிய சேதி அவருக்குத் தெரிந்திருந்தால், அதை வைத்து விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். எல்லோருக்கும் தெரிந்த சேதி என்றால், அது ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும். காலாண்டு முடிவுகள் வருவதற்கு முன் டிரேடிங் விண்டோ, அதாவது ஊழியர்கள் நிறுவனப் பங்கை வாங்க, விற்க அனுமதிக்கும் காலம், மூடிவிடும். முடிவு வெளியாகிச் சில நாள் கழித்துத்தான் திறக்கும். கெட்ட முடிவு வந்தால், ஊரே விற்று முடித்த பிறகுதான் ஊழியர் விற்க முடியும். உள்ளே இருப்பவனுக்கு விஷயம் தெரியும், கதவு திறக்காது.

"தெரிஞ்சாலும் அன்னிக்கு விக்க விடமாட்டாங்க சார்" என்றேன். என்ரான் கதையையும் சொன்னேன். 2000 ஆகஸ்டில் 90 டாலருக்கு அருகில் இருந்த பங்கு. 2001 டிசம்பரில் நிறுவனம் திவால். ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே இருந்தது. கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்தை மாற்றுகிறோம் என்று, விலை சரிந்துகொண்டிருந்த அதே சமயத்தில், விற்க முடியாதபடி சில வாரங்கள் அந்தக் கணக்குகளை முடக்கி வைத்தார்கள். வேலையும் போனது, சேமிப்பும் போனது.

என்ரானை இழுத்தது நியாயமா என்று எனக்கு இப்போது சந்தேகம். அது கணக்கு மோசடி. எங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பயமுறுத்த வேண்டும் என்றால் பயமுறுத்த ஒரு கதை எப்போதும் கிடைக்கும். ஆனால் வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போகும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நிறுவனம் படுத்துக்கொள்ள மோசடி தேவையும் இல்லை, சாதாரணமாகவே போகும்.

அவர் சமாதானமாகவில்லை. "வித்தா மேல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். பெரிய அதிகாரிகள் விற்றால் பொதுவில் அறிவிக்க வேண்டும். இவர் அளவில் இருப்பவர் விற்பதை எங்கள் பிரிவைத் தவிர யாரும் கவனிப்பதில்லை. அதைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: இன்னும் வெஸ்ட் ஆகாத ஆப்ஷன் 6,000 இருக்கிறது, நீங்கள் விரும்பினாலும் அதை விற்க முடியாது, விலை ஏறினால் அதில் வரும், அதனால் வண்டியை விட்டு இறங்கிவிட்டதாக நினைக்காதீர்கள் என்று.

கடைசியில் 12,000-ஐயும் எக்ஸர்சைஸ் செய்து, அதே நாளில் 8,000 பங்கை விற்றார். 16 லட்சம் வந்தது. எக்ஸர்சைஸ் விலைக்கும் வரிக்கும் 11.4 லட்சம் போக, கையில் 4.6 லட்சம். வங்கிச் சேமிப்பைத் தொடவில்லை, கடன் இல்லை, 4,000 பங்கு மீதி. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பிறகு விலை 340-க்குப் போனது.

ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "11.2 லட்சம் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. விற்ற 8,000 பங்கு, ஒவ்வொன்றிலும் 140. கிட்டத்தட்ட 2 வருடச் சம்பளம். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. முடிவை அதன் பலனை வைத்து அளக்கக் கூடாது, எடுத்த நாளில் தெரிந்ததை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாடிப்படியில் நிற்கும் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சில மாதத்தில் அவருடைய குழுவையே கலைத்தார்கள். நான் சொன்னபடி வேலையும் பங்கும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஆட்குறைப்பு அறிவிப்பு வந்ததும் செலவு குறையும் என்று சந்தை மகிழ்ந்து, விலை இன்னும் கொஞ்சம் ஏறி, மறுபடி 340-க்கு வந்து நின்றது. வேலை போன மனிதருக்கு அவர் விற்காத 4,000 பங்கு தைரியமாக இருந்தது. என் வாதத்தின் நடுத்தூண் அவர் விஷயத்தில் நிற்கவே இல்லை. நிறுவனம் நொடித்தால் சம்பளமும் பங்கும் சேர்ந்து போகும் என்பது சரி. ஆனால் வேலை போக நிறுவனம் நொடிக்க வேண்டியதில்லை. அது நன்றாக இருக்கும்போதும் போகும். இதை நான் யோசித்திருக்கவில்லை.

அதே சமயம், நான் சொல்லாத ஒரு காரணத்தால் அவர் தப்பித்தார். வேலையை விட்டால், வெஸ்ட் ஆகி எக்ஸர்சைஸ் செய்யாத ஆப்ஷன்களுக்குக் கெடு உண்டு. பல திட்டங்களில் 90 நாள். அதற்குள் பணம் கட்டாவிட்டால் காலாவதி. அவர் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால், சம்பளம் இல்லாத அந்த 90 நாளில், 340 விலைக்கான வரியோடு சேர்த்து முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கும். இன்னொரு பக்கம், வண்டியிலேயே இருக்கிறீர்கள் என்று நான் காட்டிய அந்த 6,000 ஆப்ஷன், வெஸ்ட் ஆகாததால், கடைசி வேலை நாளோடு காணாமல் போனது. அதை அவருடைய சொத்து என்பதுபோல் பேசியவன் நான்தான்.

என்னை யாராவது கேட்டால், நான் ஒவ்வொரு முறை வெஸ்ட் ஆகும்போதும் பாதியை விற்றுவிடுகிறேன், தேதியை முன்கூட்டியே குறித்துவைத்து, விலையைப் பார்க்காமல். இதை அறிவு என்று சொல்ல வரவில்லை. விலையைப் பார்த்தால் நானும் அவரைப் போலத்தான் பேசுவேன் என்று பயம்.

போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். வேறு வேலை கிடைத்துவிட்டது. "இப்போ எனக்கு அங்கே சம்பளம் இல்லையே தம்பி, அப்போ அந்த 4,000-ஐ வச்சுக்கலாம்தானே?"

என் வாதத்தின்படி பார்த்தால் அவர் கேட்பது சரி. சம்பளமும் பங்கும் ஒரே இடத்தில் என்ற பிரச்சினை இப்போது அவருக்கு இல்லை. ஆனால் 4,000 பங்கு இன்று 13.6 லட்சம், வேலை தேடிய மாதங்களில் வங்கியிலிருந்து எடுத்துச் செலவு செய்தது போக, அவரிடம் இருப்பதில் பாதிக்கு மேல் இன்னும் அந்த ஒரே பங்குதான். இரண்டையும் சொன்னேன். "நீ இந்தத் தடவை கேள்வி கேக்கலையே" என்றார். புது நிறுவனத்திலும் ஆப்ஷன் கொடுத்திருக்கிறார்களாம், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.