பல்பு உண்டா, இல்லையா?

கிறிஸ்துமஸ் அலங்காரக் கடைப் பட்டியலுக்கு வரிகள் எழுதி முடித்தேன். போன வருடம் "வீட்டுக்கு ஒளி தரும் அழகிய நட்சத்திரம்" என்று எழுதியிருந்தேன். வாங்கிப் போன சிலர் வீட்டில் பிரித்த பிறகுதான் உள்ளே பல்பும் ஒயரும் இல்லை என்று பார்த்தார்கள். எண்ணிச் செலவு செய்கிற குடும்பத்துக்கு அது எதிர்பாராத இரண்டாவது செலவு. எனக்கு மனசே கேட்கவில்லை.

இந்த முறை இப்படி எழுதினேன்: "ஐந்து முனை காகித நட்சத்திரம். விரித்தால் 24 அங்குலம். பல்பு, ஹோல்டர், ஒயர் தனியாக வாங்க வேண்டும். சின்ன எல்இடி பல்பு மட்டும் போடவும். நனையாத இடத்தில் தொங்கவிட்டு, பிறகு மடித்து வைத்தால் அடுத்த வருடமும் ஆகும்." பழைய குண்டு பல்பு போட்டால் அந்தச் சூட்டில் காகிதம் பழுப்பேறும், தீப்பிடிக்கவும் கூடும். அதனால்தான் அந்த வரியை விடவே முடியாது.

அப்புறம் குடிலில் வைக்கும் சுரூப செட். அதில் குழப்பமே உயரம்தான். 5 அங்குல செட் என்றால் நிற்கும் சூசையப்பரின் உயரம். முழங்காலிட்ட மாதா அதைவிடச் சிறியவர். உயரம் தெரியாமல் அடுத்த வருடம் ஆடு வாங்கினால், அது இடையர் இடுப்புக்கு மேலே நிற்கும். அதனால் எழுதியது:

"குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், மூவர் மட்டும். நிற்கும் சுரூபம் 5 அங்குலம். இடையர், ஆடுகளை இதே 5 அங்குல வரிசையில் பிறகு சேர்க்கலாம். குடில் கொட்டகை இதில் இல்லை. 8 அங்குல உயர அட்டைப் பெட்டியில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்."

கொட்டகை விற்பனை குறையும்தான். பரவாயில்லை, அந்த வரி இருக்கட்டும்.